ஒரு விடுப்பு விண்ணப்பம்: அனுப்புநர் முதல் இடம், நாள் வரை

விடுப்பு விண்ணப்பத்தை எழுதுபவர் ஒருவர்தான். படிப்பவர்கள் மூன்று பேர். முதலாமவர் விடுப்பை வழங்கும் அலுவலர். யார் கேட்கிறார், எதற்காக, எந்தெந்த நாட்களுக்கு என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இரண்டாமவர் பதிவேட்டில் விடுப்பைக் கழித்து எழுதும் பிரிவு உதவியாளர். அவருக்கு விடுப்பின் வகையும் தேதிகளும் துல்லியமாக வேண்டும். மூன்றாமவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. ஊதியக் கணக்கிலோ பணிக்காலக் கணக்கிலோ ஐயம் எழுந்தால், சில ஆண்டுகள் கழித்துக் கோப்பைத் திறந்து பார்ப்பவர் அவர். எழுதியவரை அவருக்குத் தெரியாது, அன்றைய சூழ்நிலையும் தெரியாது. தாளில் உள்ளதை மட்டும் வைத்து அவர் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

அனுப்புநர், பெறுநர், விளி, பொருள், செய்தி, இப்படிக்கு, இடம், நாள் என்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கற்றுத்தரும் கடித அமைப்பு இந்த மூவருக்கும் பயன்படுகிறது. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த வரிசை என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். அதனால்தான் பெரியவர்களானதும் ஏதோ ஒரு பகுதியை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். விட்ட பகுதி எது என்பது விண்ணப்பம் திரும்பி வரும்போதுதான் தெரிகிறது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு முழுவதும் பார்ப்பது எளிது. தேனியில் வட்டாட்சியர் அலுவலகத்தில் பணிபுரியும் இளநிலை உதவியாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் மலர்விழி என்று இருக்கட்டும். அவருடைய தாயாருக்கு மதுரையில் கண்புரை அறுவை சிகிச்சை. நாள் 2025 செப்டம்பர் 4, வியாழக்கிழமை. மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருப்பது 8ஆம் தேதி, திங்கட்கிழமை. இடையில் 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை மீலாதுன் நபி விடுமுறை, 6, 7 சனி, ஞாயிறு. மலர்விழி இப்படி எழுதலாம்:

அனுப்புநர்
செ. மலர்விழி,
இளநிலை உதவியாளர்,
வட்டாட்சியர் அலுவலகம்,
தேனி.

பெறுநர்
வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
தேனி.

ஐயா,

பொருள்: விடுப்பு – தற்செயல் விடுப்பு – 04.09.2025 மற்றும் 08.09.2025 ஆகிய இரு நாட்கள் – தலைமையிடத்தை விட்டு வெளியே செல்ல அனுமதி – கோருதல் – தொடர்பாக.

என் தாயாருக்கு 04.09.2025 வியாழக்கிழமை அன்று மதுரையில் கண்புரை அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. 08.09.2025 திங்கட்கிழமை அன்று அவரை மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது. உடனிருந்து கவனித்துக்கொள்ள வேறு எவரும் இல்லாததால், அவ்விரு நாட்களுக்கும் எனக்குத் தற்செயல் விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இடையில் வரும் 05.09.2025, 06.09.2025, 07.09.2025 ஆகிய அரசு விடுமுறை நாட்களைத் துய்க்கவும், 03.09.2025 மாலை அலுவலக நேரம் முடிந்ததிலிருந்து 09.09.2025 காலை வரை தலைமையிடத்தை விட்டு வெளியே செல்லவும் அனுமதி வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

விடுப்புக் கால முகவரி: (மதுரையில் தங்கும் வீட்டு முகவரி, கைபேசி எண்)

நன்றி.

இடம்: தேனி
நாள்: 01.09.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
செ. மலர்விழி

இனி மேலிருந்து கீழே வருவோம்.

அனுப்புநர் பகுதியில் பெயர், பதவி, அலுவலகம், ஊர் என்று நான்கு வரிகள் போதும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் காற்புள்ளி, கடைசி வரியில் முற்றுப்புள்ளி. இங்கே வருவது எழுதுபவரின் அலுவலக முகவரி. விடுப்பில் எங்கே இருப்பார் என்பதற்குத் தனி வரி கீழே இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு அனுப்புநரில் மதுரை முகவரியை எழுதினால், கடிதம் எந்தப் பிரிவு ஊழியருடையது என்று உதவியாளர் தேட வேண்டியிருக்கும். தன் பெயருக்கு முன்னால் தானே ‘திரு’ அல்லது ‘திருமதி’ போட்டுக்கொள்வதும் அடிக்கடி நேரும் பிழை. அது மற்றவர்கள் நமக்குத் தரும் மரியாதை. முன்னெழுத்தைத் தமிழிலேயே எழுதுவதும் தமிழிலேயே கையொப்பமிடுவதும் தமிழ்நாடு அரசு அலுவலகங்களில் விதி. பள்ளி மாணவருக்கும் அதே பழக்கம் நல்லது. எழுத்துப் பற்றி ஒரு சொல்: ஓட்டுநர், இயக்குநர் போலவே அனுப்புநர், பெறுநர் என்றுதான் வரும், ‘னர்’ இல்லை.

பெறுநரில் பெயர் தேவையில்லை. பதவி போதும். விடுப்பை வழங்கும் அதிகாரம் பதவிக்குத்தான் உண்டு. அந்த நாற்காலியில் உள்ளவர் இடமாறிப் போனாலும் விண்ணப்பம் செல்லுபடியாகும். பதவிக்குப் பின் ‘அவர்கள்’ சேர்ப்பது வழக்கம். நேரடி மேலாளர் ஒருவர், விடுப்பு வழங்குபவர் இன்னொருவர் என்றால், பெறுநருக்குக் கீழே ‘வழி’ என்று எழுதி இடையில் உள்ளவரின் பதவியைக் குறிக்க வேண்டும். அவர் பரிந்துரைத்துக் கையொப்பமிட்ட பிறகே கடிதம் மேலே போகும். ‘வழி’ இல்லாமல் நேராகப் போகும் கடிதம் பெரும்பாலும் கீழேயே திருப்பி அனுப்பப்படுகிறது.

விளி ஒரே சொல். ‘ஐயா’ அல்லது ‘அம்மா’. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதினாலும் தவறில்லை. பெறுநர் ஆணா பெண்ணா என்பது தெரியாதபோது ‘ஐயா / அம்மா’ என்று எழுதுவதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்து வரும் பொருள் வரியில்தான் அரசு அலுவலகத் தமிழின் திறமை தெரிகிறது. அதில் வாக்கியம் இல்லை. சிறு கோடுகளால் பிரிக்கப்பட்ட துண்டுகள், பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குகின்றன. முதல் துண்டு ‘விடுப்பு’. கடிதம் எந்தக் கோப்புக்கு உரியது என்பதை அது சொல்லிவிடுகிறது. இரண்டாவது துண்டு விடுப்பின் வகை. மூன்றாவது தேதிகள். அதன்பின் கூடுதலாகக் கேட்கும் அனுமதி. இறுதியில் ‘கோருதல் – தொடர்பாக’. சில அலுவலகங்களில் ‘தொடர்பாக’ இருக்கும் இடத்தில் ‘சார்பு’ என்று எழுதுவார்கள். நாள் முழுவதும் பல தாள்களைப் புரட்டும் ஒருவர் இந்த ஒரு வரியைப் படித்தாலே கடிதத்தை எங்கே சேர்க்க வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிடலாம். பள்ளிக் கடிதத்தில் இவ்வளவு துண்டுகள் வேண்டாம். ‘பொருள்: இரண்டு நாட்கள் விடுப்பு வேண்டுதல் – தொடர்பாக’ என்றால் போதும். முன்பே ஏதேனும் ஆணையோ கடிதமோ இருந்தால், பொருளுக்குக் கீழே ‘பார்வை’ என்று தலைப்பிட்டு அதன் எண்ணும் நாளும் எழுதப்படும். சாதாரண விடுப்புக்குப் பார்வை தேவைப்படுவதில்லை. ஏற்கெனவே வழங்கிய விடுப்பை நீட்டிக்கக் கேட்கும்போது மட்டும் அது கட்டாயம்.

தேதிகளுக்கு வருவோம். விடுப்புக் கடிதங்களில் மிக அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான்.

‘மூன்று நாட்கள் விடுப்பு வேண்டும்’ என்று மட்டும் எழுதுகிறார்கள். எந்த மூன்று நாட்கள்? ‘நாளை முதல்’ என்று எழுதுகிறார்கள். கடிதம் அலுவலர் மேசைக்கு மறுநாள் போனால் அந்த ‘நாளை’ வேறு நாளாகிவிடும். ஆகவே முழுத் தேதியும், முடிந்தால் கிழமையும் எழுத வேண்டும். கிழமை எழுதுவதில் ஒரு பாதுகாப்பு உண்டு. தேதியும் கிழமையும் ஒத்துவரவில்லை என்றால் எழுதும்போதே பிழை கண்ணில் படும். அதேபோல் ‘04.09.2025 முதல் 08.09.2025 வரை 4 நாட்கள்’ என்று எழுதுபவர்களும் உண்டு. 8இலிருந்து 4ஐக் கழித்துவிடுகிறார்கள். முதல் நாளும் கடைசி நாளும் சேர்ந்ததுதான் கணக்கு. இங்கே நாட்கள் ஐந்து.

இந்த ஐந்து நாட்களில் மலர்விழிக்குக் கழியும் விடுப்பு எத்தனை? அது அவர் கேட்கும் விடுப்பின் வகையைப் பொறுத்தது. வகையைச் சொல்லாமல் வெறும் ‘விடுப்பு’ என்று எழுதக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஒரு நாட்காட்டி ஆண்டில் 12 நாட்கள் தற்செயல் விடுப்பு உண்டு. எடுக்காமல் விட்டால் டிசம்பர் 31உடன் அது போய்விடும். அடுத்த ஆண்டுக்கு வராது. தற்செயல் விடுப்பின் இடையில் வரும் அரசு விடுமுறைகள் விடுப்பாகக் கழிக்கப்படுவதில்லை. ஆனால் தற்செயல் விடுப்பும் விடுமுறைகளும் சேர்ந்து தொடர்ச்சியாக 10 நாட்களுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. மலர்விழியின் கணக்கில் தொடர்ந்து ஐந்து நாட்கள் அலுவலகத்தில் இல்லை. கழிவது இரண்டே நாட்கள். அதனால்தான் அவர் ‘04 முதல் 08 வரை’ என்று எழுதாமல், ‘04 மற்றும் 08 ஆகிய இரு நாட்கள்’ என்று பிரித்து எழுதியிருக்கிறார்.

இதையே அவர் ஈட்டிய விடுப்பாகக் கேட்டிருந்தால் கதை மாறும். ஈட்டிய விடுப்பின் நடுவில் சிக்கும் விடுமுறைகளும் விடுப்பாகவே எண்ணப்படும். 4ஆம் தேதி முதல் 8ஆம் தேதி வரை ஐந்து நாட்களும் அவருடைய இருப்பிலிருந்து போகும். ஆனால் ஈட்டிய விடுப்புக்கு முன்னும் பின்னும் ஒட்டி வரும் விடுமுறைகளை இணைத்துக்கொள்ளலாம், அவை கழியாது. இதை அலுவலகங்களில் முன்னிணைப்பு, பின்னிணைப்பு என்கிறார்கள். தாயாரைக் கவனிக்க 8ஆம் தேதி திங்கள் முதல் 12ஆம் தேதி வெள்ளி வரை ஒரு வாரம் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் ‘08.09.2025 முதல் 12.09.2025 வரை 5 நாட்கள் ஈட்டிய விடுப்பு வழங்குமாறும், 05.09.2025 முதல் 07.09.2025 வரையிலான விடுமுறை நாட்களை முன்னிணைப்பாகவும், 13.09.2025, 14.09.2025 ஆகிய விடுமுறை நாட்களைப் பின்னிணைப்பாகவும் துய்க்க அனுமதிக்குமாறும்’ என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் 5ஆம் தேதி முதல் 14ஆம் தேதி வரை பத்து நாட்கள் வெளியில் இருக்கலாம், கழிவது ஐந்து. தற்செயல் விடுப்பையும் ஈட்டிய விடுப்பையும் ஒட்டவைத்து எடுக்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 4ஆம் தேதிக்குத் தற்செயல் விடுப்பு, 8 முதல் 12 வரை ஈட்டிய விடுப்பு என்று ஒரே கடிதத்தில் கேட்டால், இடையில் ஒரு வேலைநாள் கூட இல்லாததால் உதவியாளர் அதைத் திருப்பித் தந்துவிடுவார்.

மலர்விழியின் கடிதத்தில் ‘தலைமையிடத்தை விட்டு வெளியே செல்ல’ என்ற தொடர் புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கு விளங்காமல் போகலாம். தலைமையிடம் என்றால் அவர் பணிபுரியும் ஊர். அவசரத் தேவை வந்தால் அரசு ஊழியரை விடுமுறை நாளிலும் அழைக்க வேண்டியிருக்கும் என்பதால், வெளியூர் போகத் தனி அனுமதி வேண்டும். விடுப்பு கிடைத்துவிட்டாலே வெளியூர் அனுமதியும் கிடைத்துவிட்டதாக ஆகாது. 3ஆம் தேதி மாலை முதல் 9ஆம் தேதி காலை வரை என்று நேரத்தோடு அவர் எழுதியிருப்பதும், விடுப்புக் கால முகவரியைத் தனியாகத் தந்திருப்பதும் இதற்காகத்தான்.

அடுத்தது காரணம். எவ்வளவு சொல்ல வேண்டும்?

தற்செயல் விடுப்புக்குச் ‘சொந்த வேலை காரணமாக’ என்று எழுதினால் பெரும்பாலும் போதும். தாயாருக்கு அறுவை சிகிச்சை என்று சொல்வதால் அலுவலருக்கு முடிவெடுப்பது எளிதாகும், அவ்வளவுதான். நோயின் வரலாறு, மருத்துவர் சொன்னவை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு வாக்கியத்தில் காரணம், ஒரு வாக்கியத்தில் தேதியோடு வேண்டுகோள் என்று நிறுத்திக்கொள்வதே நல்ல கடிதம். காரணம் நீளும்போது கேட்பது என்ன என்பது அதற்குள் புதைந்துவிடுகிறது.

வேண்டுகோள் வாக்கியத்தின் வினைச்சொல்லும் முக்கியம். ‘இரண்டு நாட்கள் விடுப்பு எடுக்கிறேன், தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று எழுதினால் அது அறிவிப்பு. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்பது அரசுப் பணிகளின் அடிப்படை விதிகளிலேயே உள்ளது. பணியின் தேவை கருதி அலுவலர் மறுக்கலாம், தள்ளிவைக்கலாம். எனவே ‘வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பதுதான் பொருந்தும். ‘தங்கள் பாதங்களில் பணிந்து’ என்கிற அளவுக்குத் தாழ்ந்து எழுத வேண்டியதில்லை. ‘தாழ்மையுடன்’ என்ற சொல் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டது. இருந்தாலும் குற்றமில்லை, இல்லாவிட்டாலும் மரியாதை குறையாது.

முடிவுப் பகுதியில் ‘இப்படிக்கு’ வலப்பக்கமும் ‘இடம்’, ‘நாள்’ இடப்பக்கமும் வரும். நாள் என்பது எழுதிய நாள். விடுப்பு நாள் இல்லை. மலர்விழி எழுதிய நாள் 01.09.2025. விடுப்புக்கு மூன்று நாள் முன்பே கேட்டிருக்கிறார் என்பதற்கு அந்த ஒரு வரியே சான்று. நாள் போடாத கடிதத்தை முன்கூட்டியே கொடுத்தோம் என்று பிறகு மெய்ப்பிக்க வழியில்லை. சான்றிதழ் எதையேனும் சேர்த்தால் ‘இணைப்பு’ என்று எழுதி அதன் பெயரையும் குறிக்க வேண்டும். கோப்பிலிருந்து அந்தத் தாள் கழன்று விழுந்தாலும், அது ஒரு காலத்தில் இருந்தது என்பதை அந்த வரி காட்டும். கையொப்பத்துக்குக் கீழே பெயரைத் தெளிவாக எழுதுவதையும் மறக்கக்கூடாது. கையொப்பத்தைப் படிக்க எல்லாராலும் முடியாது.

இதுவரை சொன்னது முன்கூட்டியே தெரிந்த விடுப்பு. திடீரென்று வரும் காய்ச்சலுக்கு முன்னறிவிப்பு இல்லை. அப்போது மேலாளருக்குத் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லிவிடுகிறார்கள். அது செய்தி மட்டுமே, விண்ணப்பம் ஆகாது. திரும்பி வந்த அன்றே அதே அமைப்பில் கடிதம் தர வேண்டும், வாக்கியங்கள் மட்டும் இறந்தகாலத்துக்கு மாறும். ‘காய்ச்சல் காரணமாக 17.11.2025 திங்கட்கிழமை அன்று அலுவலகத்துக்கு வர இயலவில்லை. அன்று காலை தொலைபேசி மூலம் தெரிவித்திருந்தேன். அந்த ஒரு நாளுக்குத் தற்செயல் விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ நடந்து முடிந்ததற்குப் பின்னர் ஒப்புதல் தருவதை அலுவலகத் தமிழில் பின்னேற்பு என்பார்கள். தகவல் சொன்ன நேரத்தையும் வழியையும் கடிதத்தில் குறிப்பிடுவது நல்லது. சொல்லாமல் வராமல் இருந்தார் என்ற பேச்சுக்கு அப்போது இடமிருக்காது. நோய் நீடித்து மருத்துவ விடுப்புக்குப் போனால், தொடக்கத்தில் மருத்துவச் சான்றும், திரும்பிச் சேரும் நாளில் உடல்தகுதிச் சான்றும் வேண்டும். இரண்டாவதை மறந்துவிட்டு வந்து, பணியில் சேர முடியாமல் மருத்துவமனைக்குத் திரும்ப ஓடுபவர்கள் இருக்கிறார்கள்.

பள்ளிக் கடிதம் இதைவிட எளிது. ஆனால் அதற்கென்று சில வேறுபாடுகள் உண்டு. பதவி இருந்த இடத்தில் வகுப்பும் பிரிவும் வருகைப்பதிவு எண்ணும் வரும். பெறுநர் பொதுவாக வகுப்பாசிரியர். பல நாட்கள் என்றால் தலைமை ஆசிரியர். எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தால், கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

பொருள்: இரண்டு நாட்கள் விடுப்பு வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். நான் எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படித்து வருகிறேன். காய்ச்சல் காரணமாக 10.11.2025 திங்கட்கிழமை, 11.11.2025 செவ்வாய்க்கிழமை ஆகிய இரண்டு நாட்களும் பள்ளிக்கு வர இயலவில்லை. அந்நாட்களுக்கு எனக்கு விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

கீழே ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவர்’ என்று எழுதிப் பெயரும், அதற்கு அருகில் பெற்றோர் கையொப்பமும். மாணவரின் விடுப்புக் கடிதத்தில் பெற்றோர் கையொப்பம்தான் உயிர்நாடி. பிள்ளை வீட்டில்தான் இருந்தது என்று பள்ளிக்கு அது சொல்கிறது. பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்பது பெற்றோருக்குத் தெரியும் என்பதையும் அதுவே உறுதிசெய்கிறது. சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோரே எழுதிவிடலாம்; அப்போது அனுப்புநரில் பெற்றோர் பெயர் வரும், கடிதத்தில் ‘என் மகள்’, ‘என் மகன்’ என்று வரும். பிள்ளையின் குரலில் தொடங்கிப் பெற்றோர் குரலில் முடியும் கடிதங்களைப் பள்ளிகளில் அடிக்கடி பார்க்கலாம். யாருடைய கடிதம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

‘விடுமுறை வேண்டுதல்’ என்று மாணவர்கள் எழுதுவதும் வழக்கம். விடுமுறை எல்லாருக்கும் பொதுவாக அரசோ பள்ளியோ அறிவிப்பது. ஒருவர் தனக்காகக் கேட்பது விடுப்பு. தமிழ்த் தேர்வில் இந்த வேறுபாட்டைப் பார்க்கும் ஆசிரியர்கள் உண்டு. அந்தத் தேர்வில் மட்டும் கேட்கப்படும் இன்னொரு பகுதி உறைமேல் முகவரி. கடைசியில் ஒரு பெட்டி வரைந்து பெறுநர் முகவரியை மீண்டும் எழுத வேண்டும். கையில் கொடுக்கும் உண்மையான விடுப்புக் கடிதத்தில் அது தேவையில்லை.

பள்ளியிலும் மூன்றாவது வாசகர் இருக்கிறார். சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அதற்குக் குறைந்தால், காரணத்துக்கான மருத்துவச் சான்று போன்ற ஆவணங்களைக் காட்டித் தளர்வு கோர வேண்டியிருக்கும். ஜூலையில் வந்த டைபாய்டுக்குத் தேதியும் பெற்றோர் கையொப்பமும் உள்ள கடிதம் ஒன்று அப்போதே கொடுக்கப்பட்டு, சான்றும் இணைக்கப்பட்டிருந்தால் மார்ச்சில் அலைய வேண்டியதில்லை. வகுப்பாசிரியரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போனது அவர் மாறிப் போனபின் யார் நினைவிலும் இருக்காது.

தனியார் நிறுவனங்களில் இப்போது பெரும்பாலும் செயலியில் தேதியைத் தேர்ந்தெடுத்து, வகையைச் சொடுக்கி, காரணத்தை ஒரு வரியில் எழுதுகிறார்கள். அங்கேயும் கேட்கப்படுவது அதே விவரங்கள்தான்; அனுப்புநரும் பெறுநரும் பொருளும் பெட்டிகளாகிவிட்டன. மின்னஞ்சலில் எழுதுபவர்கள் அனுப்புநர், பெறுநர் முகவரிகளை விட்டுவிடலாம், அவை மேலேயே இருக்கின்றன. ஆனால் பொருள் வரியில் வகையும் தேதியும் வர வேண்டும். வெறுமனே ‘விடுப்பு’ என்ற தலைப்போடு போகும் மின்னஞ்சலைப் பிறகு தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒரு படம் போதும். வழங்கப்பட்டதா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஊருக்குப் புறப்படுங்கள்.